மூன்று பக்கத்தைப் பிரித்து அடுக்குதல்

தருமபுரி மாவட்டக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அதைக் குறைக்க ஒரு கல்லூரிக் குழு ஆய்வு முன்மொழிவு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளியே இல்லாத மூன்று பக்கம். கிணறுகளில் மாதிரி எடுப்போம், வடிகட்டி செய்வோம், வீடுகளில் ஓராண்டு வைத்துப் பார்ப்போம், எல்லாவற்றையும் இரண்டு ஆண்டுகளில் முடிப்போம் என்கிறார்கள். படிக்கும்போது குறை எதுவும் தெரியாது.

இதைப் பிரிக்கும்போது முதலில் குறிக்கோள்களை எடுக்க வேண்டும். திட்டம் முடிந்ததும் எந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கும் என்பதே குறிக்கோள். "வடிகட்டி செய்வோம்" என்பது வேலை, குறிக்கோள் ஆகாது. இங்கே தேறுபவை இரண்டு. மழைக்கு முன்னும் பின்னும் ஃபுளோரைடு எவ்வளவு மாறுகிறது? ஆக்டிவேட்டட் அலுமினா நிரப்பிய வடிகட்டி, வீட்டில் ஓராண்டு புழங்கிய பிறகும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன அளவைத் தாண்டவிடாமல் காக்குமா?

அடுத்து, வேலைகளைப் பணித்தொகுதிகளாகக் கட்ட வேண்டும். ஒரே ஆட்கள், ஒரே இடம், ஒரே கருவி தேவைப்படும் வேலைகள் ஒரு தொகுதி. களத்தில் நீர் எடுப்பது முதல் தொகுதி, ஆய்வகச் சோதனை இரண்டாவது, வீட்டுச் சோதனை மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவர், அதற்கு முன் முடிந்திருக்க வேண்டியது எது என்ற குறிப்பு ஒன்று. நீரில் காரத்தன்மை கூடினால் அலுமினா ஃபுளோரைடை ஈர்ப்பது குறையும். ஆகவே அந்த ஊர்க் கிணற்று நீர் கைக்கு வராமல் இரண்டாம் தொகுதியைத் தொடங்குவதில் பயனில்லை.

இப்போது அட்டவணை. திட்டம் ஏப்ரலில் தொடங்குகிறது. ஆள் சேர்த்து, கருவி வாங்குவதற்குள் மே கடந்துவிடும். முதல் மாதிரி மழை ஓய்ந்த ஜனவரியில்தான்.

| மாதம் | வேலை | மைல்கல் |
|---|---|---|
| 1–9 | ஆள், கருவி, கிணறு தேர்வு | கிணற்றுப் பட்டியல் உறுதி |
| 10, 14 | ஜனவரி, மே மாதிரிகள் | இரு பருவ அளவுகளும் கையில் |
| 11–18 | ஆய்வகச் சோதனை | வடிகட்டிய நீரில் 1.5-க்குக் கீழ் |
| 19–30 | வீட்டுச் சோதனை | ஓராண்டு அளவீடு நிறைவு |
| 31–36 | பகுப்பாய்வு, அறிக்கை | அறிக்கை ஒப்படைப்பு |

இரண்டு ஆண்டு என்ற வாக்குறுதி இங்கே உடைகிறது. 24-ஆம் மாதத்தில் வீட்டுச் சோதனை பாதியில்தான் நிற்கும். குழுவுக்கு இரண்டே வழி: மூன்று ஆண்டு கேட்கலாம், இல்லையென்றால் வீட்டுச் சோதனை, பகுப்பாய்வு, அறிக்கை மூன்றையும் சேர்த்து ஆறு மாதத்துக்குள் சுருக்கி, இரண்டாம் குறிக்கோளில் உள்ள "ஓராண்டு" என்பதையும் மாற்ற வேண்டும்.

மைல்கல்லை எழுதும்போதும் கவனம் வேண்டும். "ஆய்வகப் பணி முன்னேறும்" என்று எழுதினால், எட்டினோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. 18-ஆம் மாதத்தில் அளவு 1.5-க்கு மேல் இருந்தால் வடிகட்டிகளை வீடுகளுக்கு அனுப்பாமல் நிறுத்தி, வேறு வடிபொருளைச் சோதிப்போம் என்பதையும் அங்கேயே எழுதிவைக்க வேண்டும். பணம் தருபவருக்கு மட்டுமல்ல, அந்த நீரைக் குடிக்கப்போகும் குடும்பங்களுக்கும் அந்த ஒரு வரி காவல்.