‘வெளி வேலை பண்ணலாமா சார்?’

“அதெல்லாம் ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட் மேடம். எல்லாருக்கும் இதேதான் குடுக்குறோம். யாரும் அதைப் பார்க்க மாட்டாங்க. நீங்க சைன் பண்ணி அனுப்பிடுங்க.”

கோவையில் இருக்கும் ஒரு டிசைனருக்கு ரெக்ரூட்டர் போனில் சொன்ன பதில் இது. பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவருக்கு ஆஃபர் கொடுத்திருந்தது. சனி, ஞாயிறுகளில் அவர் ஒரு குழந்தைகள் பதிப்பகத்துக்குப் படம் வரைந்து கொடுக்கிறார். அதில் மாதம் 15,000 ரூபாய் வருகிறது. ஆஃபர் லெட்டரின் மூன்றாம் பக்கத்தில், பதினோராவது பாயின்ட் அவர் கண்ணை உறுத்தியது. பணிக்காலம் முழுக்கத் தன் நேரத்தையும் கவனத்தையும் நிறுவனத்துக்கே தர வேண்டும். எழுத்துப்பூர்வ முன் அனுமதி இல்லாமல், சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ வேறு எந்த வேலையும் செய்யக் கூடாது. வேலையை விட்ட பிறகும் 12 மாதங்களுக்குப் போட்டி நிறுவனத்திலோ வாடிக்கையாளரிடமோ சேரக் கூடாது.

அவரைப் பயமுறுத்தியது அந்த 12 மாதம்தான். பெரும்பாலானவர்கள் பயப்படுவதும் அதற்குத்தான். உண்மையில் உரசக்கூடியது அதற்கு முந்தைய வரி.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படி செய்யக்கூடிய தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. அதனால் வேலையை விட்ட பிறகு பிழைப்பையே தடுக்கும் ஷரத்தை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. 2006-இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில், ஒப்பந்தம் முடிந்த பிறகு நீளும் தடை செல்லாது என்ற நிலையையே எடுத்தது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சம்பளம் வாங்கும் நாள்வரை வேறு இடத்தில் வேலை செய்யாதே என்று சொல்வது தொழில் தடை ஆகாது என்று 1967-லேயே அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸ் காலமும் இதில் சேரும். ராஜினாமா கொடுத்துவிட்டு 90 நாள் நோட்டீஸில் இருப்பவர் கடைசி நாள்வரை அந்த ஷரத்துக்குள்தான் இருக்கிறார்.

ஆக, “வெளி வேலை பண்ணலாமா சார்?” என்பது ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிரிக்காமல் கேட்டால், இரண்டுக்கும் பொதுவாக ஒரு ‘பிரச்சினை இல்லை’ வந்து விழும்.

அந்தப் பதிலைச் சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கன்சல்டன்சியிலிருந்து பேசும் ரெக்ரூட்டருக்கு, ஆள் சேர்ந்தால்தான் கமிஷன். நிறுவனத்துக்கு உள்ளேயே இருக்கும் ரெக்ரூட்டருக்கும் ஷரத்தைத் தளர்த்தும் அதிகாரம் வழக்கமாக இருக்காது. அவர் நல்ல எண்ணத்தோடு சொன்னாலும், பின்னால் வரும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ பேசிய எதுவும் கட்டுப்படுத்தாது’ என்று ஒரு வரி இருந்தால், போனில் கேட்டது அங்கேயே முடிந்துவிடும். நம் டிசைனர், “அதையே ஒரு மெயில்ல போட்டுடுங்களேன் சார்” என்றதும் மறுமுனை தயங்கியது. “லீகல்கிட்ட கேட்டுட்டு சொல்றேன் மேடம்” என்றார். அந்தத் தயக்கத்தைத்தான் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முறை அவர் கேள்வியை மாற்றினார். அனுமதி உண்டா என்று பொதுவாகக் கேட்கவில்லை. இன்ன பதிப்பகத்துக்கு, வாரம் எட்டு மணி நேரத்துக்குள், அலுவலக நேரத்துக்கு வெளியே, சொந்தக் கணினியில் படம் வரைகிறேன். பதினோராவது பாயின்ட்டில் சொல்லும் முன் அனுமதியாக இதை ஆஃபர் லெட்டரின் இணைப்பில் சேர்த்து, கையெழுத்திடும் அதிகாரியே உறுதி செய்ய வேண்டும் என்று எழுதினார். சேரும் நாளில் கையெழுத்திட வேண்டிய முழு ஒப்பந்தத்தின் நகலையும் முன்கூட்டியே கேட்டார். ஆஃபர் லெட்டர் மூன்று பக்கம்தான். ‘நிறுவனத்தின் பிற ஒப்பந்தங்களுக்கும் உட்பட்டு’ என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்தப் பிற ஒப்பந்தங்கள் பலருக்கும் சேரும் நாள் காலையில்தான் கைக்கு வருகின்றன. பழைய வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும்போது யார் பேரம் பேச முடியும்?

சொல்லாமல் செய்தால் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பதிப்பகம் தொழில்முறைக் கட்டணமாகப் பணம் கொடுத்தால், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டும்போது 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். இவர் வாங்குவது ஆண்டுக்கு 1,80,000. பிடித்த வரி, கொடுத்தவர் பெயரோடு 26ஏஎஸ் அறிக்கையில் பதிவாகும். அந்த அறிக்கையைப் பின்னணிச் சரிபார்ப்பில் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

முழு ஒப்பந்தம் வந்தது. எனக்கு இந்த விஷயத்தில் தூக்கத்தைக் கெடுப்பது அதில் இருந்த இன்னொரு பத்திதான். அதில் ‘வெளி வேலை’ என்ற சொல்லே இல்லை. பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் எல்லாப் படைப்பும், அலுவலக நேரத்திலோ அதற்கு வெளியிலோ செய்யப்பட்டிருந்தாலும், நிறுவனத்துக்கே உரிமை என்றது அது.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலையின் பகுதியாகச் செய்த படைப்புதான் முதலாளிக்குச் சேரும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வரைந்த யானை வரைந்தவருக்கே சொந்தம். ஆனால் இனி உருவாகப்போகும் படைப்பின் உரிமையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க அதே சட்டம் இடம் தருகிறது. இப்படி ஒரு பத்தியில் கையெழுத்திட்ட பிறகு அந்த யானையைப் பதிப்பகத்துக்கு விற்றால், தன்னிடம் இல்லாத உரிமையை விற்றதாக ஒரு வாதம் கிளம்பலாம். பதிப்பகத்தோடு இவர் போட்டிருக்கும் ஒப்பந்தத்திலோ ‘இந்தப் படத்தின் முழு உரிமை என்னுடையது’ என்ற உறுதிமொழி இருக்கிறது. இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து. ஃப்ரீலான்ஸுக்கு அனுமதி கிடைத்தாலும் இந்தச் சிக்கல் தீராது. அனுமதி அவருடைய நேரத்தை மட்டும்தான் விடுவிக்கிறது, படத்தை விடுவிக்கவில்லை. ரெக்ரூட்டரிடம் கேட்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டிக் கேட்கிறார்கள்?

நிறுவனங்களுக்கும் நியாயம் உண்டு: வாடிக்கையாளரின் தகவல் வெளியே போகக் கூடாது, திங்கட்கிழமை ஆள் சோர்ந்து வரக் கூடாது என்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு மனிதவள மேலாளர்.

டிசைனர் மூன்றாவது மெயில் எழுதினார். அதில் வாதாடவில்லை. நிறுவனத்தின் தொழிலோடு தொடர்பில்லாத, அதன் கணினியோ தகவலோ பயன்படுத்தாத புத்தகப் படங்கள் இந்தப் பத்திக்குள் வராது என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாக இருந்தால் 30 நாள் அவகாசம் வேண்டும் என்றும் கேட்டார். கையில் இருக்கும் புத்தகத்தை முடித்துக் கொடுக்க அவ்வளவு நாளாவது வேண்டும்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வாக்கியம் சேர்ந்திருந்தது. வாரம் எட்டு மணி நேரம் ஆறாகக் குறைந்திருந்தது. பதிப்பகத்தின் பெயரைக் குறிப்பிட்டதால், புதிதாக ஒரு பதிப்பகம் வந்தால் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டும். அந்த 12 மாத வரியை மட்டும் எடுக்க மறுத்துவிட்டார்கள். அதற்காக அவர் மல்லுக்கட்டவில்லை. அன்று மாலைதான் பழைய அலுவலகத்தில் ராஜினாமா மெயிலை அனுப்பினார்.