கோவலன் வழக்கில் இறுதி வாதம்

வழக்காடு மன்றம் நம் தமிழ்ப்பள்ளி மேடைகளுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்திலிருந்து ஒரு வழக்கை எடுத்து, மாணவர்களை வழக்குரைஞராகவும் சாட்சிகளாகவும் நிறுத்தி நடத்தும் வழக்கம் பெற்றோர்கள் நன்கறிந்ததே. சாட்சி விசாரணை வரையில் பிள்ளைகள் திறம்படச் செய்துவிடுகின்றனர். இறுதி வாதத்திற்கு எழுந்தவுடன்தான் வழக்கு கைநழுவிப் போகிறது. ஆதலின் அந்த இறுதி வாதத்தை எங்ஙனம் அமைப்பது என்பதை மட்டும் இங்கே ஒரு வழக்கைக் கொண்டு விளக்க முற்படுகிறோம்.

'கோவலன் பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவாடினான்' என்பது குற்றச்சாட்டு. நாம் கோவலன் தரப்பில் நிற்கிறோம். இது கற்பனை மன்றம். இறந்தோரும் எழுந்து வந்து சாட்சி சொல்லலாம். பொற்கொல்லன், காவலன் ஒருவன், பாண்டிய மன்னன், கண்ணகி ஆகிய நால்வரும் காப்பியத்தில் உள்ளவாறே சாட்சி கூறிவிட்டனர் என்று கொள்வோம்.

பெரும்பாலான மாணவர்கள் வாதத்தை முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்குகின்றனர். நாம் கடைசி வரியை முதலில் எழுதச் சொல்வோம். மன்றத்திடம் நாம் கேட்கப்போவது யாது? 'கோவலன் இச்சிலம்பைக் களவாடினான் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. அவனைக் குற்றமற்றவன் எனத் தீர்ப்பளியுங்கள்.' இவ்வளவே. பொற்கொல்லனைத் தண்டிக்கவேண்டும், மன்னன் கொடுங்கோலன் என அறிவிக்கவேண்டும், மதுரை எரிந்தது முறையே என ஒப்பவேண்டும் என்று மூன்று நான்கு வேண்டுகோள்களை அடுக்கினால், நடுவர் அவற்றுள் ஒன்றை மறுக்கும்போது மற்றவையும் வலுவிழக்கும். வேண்டுகோள் ஒன்றாயின், அதற்கு எந்தச் சான்று தேவை, எது தேவையில்லை என்பதும் தானே விளங்கிவிடும்.

இனி எழுதிய வாதத்தின் ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும், 'இதை மன்றத்தில் யார் சொன்னார்?' என்று கேட்டுப் பார்க்கவேண்டும். சாட்சியின் பெயரையோ சான்றுப்பொருளையோ காட்ட இயலாத வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். இறுதி வாதத்தில் புதிய சான்று எதனையும் புகுத்தலாகாது. விசாரணையில் வந்தவற்றின் பொருளை எடுத்துரைப்பதே அதன் பணி.

இச்சோதனையில் முதலில் அடிபடுவது எது தெரியுமா? 'பொற்கொல்லனே திருடன்' என்னும் வாக்கியம்! வாசகர்கள் வியப்படையலாம். அவன் அரசியின் சிலம்பை வஞ்சித்து வைத்திருந்தான் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதனை நமக்குச் சொல்லியவர் இளங்கோவடிகள். அவன் நெஞ்சில் நினைத்ததை அவர் எழுதிக் காட்டினார். மன்றத்தில் எந்தச் சாட்சியும் அதைக் கண்டதாகக் கூறவில்லை. நூலைப் படிப்பவன் அறிந்ததும் மன்றம் அறிந்ததும் வேறு வேறு. நமக்கு அந்த வாக்கியம் வேண்டியதுமில்லை. குற்றத்தை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டியவருடையது. உண்மைத் திருடனைப் பிடித்துக் கொடுப்பது நம் கடனன்று. அவ்வாறே கண்ணகியின் கற்பு, ஊழ்வினை, மாதவியின்பால் கோவலன் கொண்ட காதல் யாவும் அடிபடும். கேட்போர் கண்ணீர் விடுவர்; எனினும் சிலம்பு யாருடையது என்பதற்கு அவற்றுள் ஒன்றும் விடையாகாது.

எதிர்த்தரப்பின் வலுவான கருத்தை மறைக்கவும் கூடாது. சிலம்பு கோவலன் கையில் இருந்தது. அவனே அதை விற்க வந்தான். இதனை நாமே முதலில் ஒப்புக்கொள்வது நன்று. கையில் இருந்தது என்பது மட்டுமே களவாகாது. அது எவ்வாறு கைக்கு வந்தது என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடையாக இணைச் சிலம்பைக் கையில் ஏந்தியவளாய்க் கண்ணகி அரசவைக்கு வந்தாள்.

இவ்வழக்கின் உயிர்நிலை அடுத்து வருவதாகும். தன் சிலம்பினுள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்று கண்ணகி சொன்னாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று மன்னன் சொன்னான். அதன் பின்னரே கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு கொணரப்பட்டது, கண்ணகி அதை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. இந்த வரிசையைப் பெரும்பாலோர் விரைந்து கடந்து விடுகின்றனர். இருவரும் தத்தம் கூற்றைச் சொல்லி முடித்த பின்னரே சோதனை நடந்தது. உடைத்துப் பார்த்தபின் 'எங்கள் சிலம்பிலும் மாணிக்கமே' என்று மாற்றிச் சொல்ல எவருக்கும் வழியில்லாமற் போயிற்று. தோட்டத்தில் பால் நிறுக்கும்போது, இது இன்னாருடைய வாளி என்று சொல்லிவிட்ட பின்னர்தானே தராசில் ஏற்றுகிறோம்! வாதிடும் மாணவர் இவ்விடத்தில் நிறுத்தி, நிதானமாக, ஒவ்வொரு படியாகச் சொல்லவேண்டும். ஐந்து நிமிட வாதமாயின் இரண்டு நிமிடத்தை இதற்கே செலவிடலாம்.

பொற்கொல்லன் சாட்சியத்திற்குச் சில வாக்கியங்கள் போதும். களவு நிகழக் கண்டதாக அவன் மன்னனிடம் சொல்லவில்லை. மந்திரத்தால் காவலரைத் துயிலச் செய்து திருடினான் என்றான். அதை எவ்வாறு அறிந்தான் என்று எவரும் கேட்கவில்லை. கொலைக்கெனச் சென்ற காவலருள் ஒருவனே, கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கொலை செய்யத் தக்கவன் அல்லன் என்றான். இக்கருத்தை மிகைப்படுத்தலாகாது. முகத்தைப் பார்த்துக் கள்வன் என்பதும் தவறு, கள்வன் அல்லன் என்பதும் தவறு. அக்காவலனுக்கு ஐயம் இருந்தது, அந்த ஐயம் விசாரிக்கப்படவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு தேர்ந்தபின் வாதத்தின் முடிவுப் பகுதி ஏறத்தாழ இங்ஙனம் அமையும்:

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சிலம்பு கோவலன் கையில் இருந்தது. அதை நாங்கள் மறுக்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து என்று சொன்னவர் எங்கள் சாட்சி அல்லர், மன்னரே சொன்னார். உடைந்த சிலம்பிலிருந்து வந்தது முத்தன்று, மாணிக்கம். எனவே கோவலன் விற்க வந்த சிலம்பு அரசியின் சிலம்பு அன்று. களவைக் கண்ட சாட்சி ஒருவரும் இம்மன்றத்திற்கு வரவில்லை. கோவலனை நோக்கி ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. தாங்கள் அளிக்கும் தீர்ப்பு அவனுக்கு உயிரை மீட்டுத் தராது. பெயரை மீட்டுத் தரும். கோவலன் குற்றமற்றவன் எனத் தீர்ப்பளிக்க வேண்டுகிறோம்."

இதனைச் சொன்னவுடன் அமர்ந்துவிட வேண்டும். நன்றியுரையும் வேண்டா, குறட்பாவும் வேண்டா. கடைசியாகச் செவியில் விழுந்தது வேண்டுகோளாகவே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் ஆயத்தமாக இருத்தல் நலம். 'அப்படியானால் அரசியின் சிலம்பை எடுத்தவர் யார்?' என்று நடுவர் கேட்கக்கூடும். அவையிலிருந்து பொற்கொல்லன் பெயரைப் பல குரல்கள் கூவும். அவற்றிற்குச் செவி சாய்க்காமல், 'அது இன்றைய வழக்கன்று, ஐயா. அதற்குரிய சான்றும் இம்மன்றத்தின் முன் இல்லை' என்று பணிவுடன் விடை கூறவேண்டும்.