வலப்பக்கம் படுத்தால் 88, இடப்பக்கம் படுத்தால் 93

இரவு பதினொரு மணி இருக்கும். வார்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் படுத்திருந்தார். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க நிமோனியா. விரலில் மாட்டியிருந்த ஆக்சிமீட்டர் 93 காட்டிக்கொண்டிருந்தது. ஒரே பக்கம் படுத்து அலுத்துப்போனவர், ஜன்னலைப் பார்த்தபடி வலப்பக்கம் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எண் மெல்ல இறங்கி 88-க்கு வந்து நின்றது.

"சிஸ்டர், மெஷின் ரிப்பேர் போலிருக்கு" என்று பதறினார் மகன். சிஸ்டர் வேறு விரலில் மாட்டிப் பார்த்தார். அங்கேயும் 88. பிறகு, "ஐயா, பழையபடி அந்தப் பக்கமே திரும்பிப் படுத்துக்குங்க" என்றார். திரும்பிப் படுத்தார். எண் ஏறியது.

அதே நுரையீரல், அதே காற்று, அதே மூச்சு. திரும்பிப் படுத்ததற்கு ஐந்து புள்ளி ஏன் இறங்க வேண்டும்? மகன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான். அன்றைக்கு இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். முழு பதில் கொஞ்சம் நீளம்.

நுரையீரல் என்றதும் காற்று நிரம்பும் பலூன்தான் நம் கண்ணில் வருகிறது. அது பாதிக் கதை. அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரையும் மயிரிழையை விட மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் இரத்தம். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு நாலு, ஐந்து லிட்டர் காற்று இந்த அறைகளுக்குள் போய்வருகிறது. இதயமும் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தை இவற்றின் வழியே அனுப்புகிறது. கணக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி.

ஆனால் மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது. காற்று முழுவதும் இடது நுரையீரலுக்கும் இரத்தம் முழுவதும் வலது நுரையீரலுக்கும் போனால் என்ன ஆகும்? ஐந்து லிட்டர் காற்றும் உண்டு, ஐந்து லிட்டர் இரத்தமும் உண்டு. ஆள் பிழைக்க மாட்டார். காற்று போகிற அறைக்கே இரத்தமும் போக வேண்டும், அதுவும் ஏறக்குறைய அதே அளவில். இதை மருத்துவர்கள் 'வி-க்யூ மேட்சிங்' என்பார்கள். வி என்பது காற்றோட்டம், க்யூ என்பது இரத்த ஓட்டம். இரண்டும் ஒத்துப்போகாமல் பிசகினால் 'மிஸ்மேட்ச்'. மருத்துவமனையில் நாங்கள் பார்க்கும் ஆக்சிஜன் குறைவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பிசகுதான் காரணம்.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். வலது நுரையீரலின் ஒரு மூலைதானே கெட்டுப்போயிருக்கிறது, மீதி நன்றாகத்தானே இருக்கிறது? நல்ல பகுதி கொஞ்சம் கூடுதலாக வேலை செய்து ஈடுகட்டிவிடாதா? அந்தப் பெரியவர் நிமிடத்துக்கு 28 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல அறைகளுக்குத் தேவைக்கு மேலேயே காற்று போய்க்கொண்டிருந்தது. இருந்தும் எண் ஏறவில்லை.

காரணம் ஹீமோகுளோபினில் இருக்கிறது. அதை நாலு சீட் உள்ள ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஷேர் ஆட்டோ போல டிரைவர் பக்கத்தில் இரண்டு பேரைத் திணிக்கிற பழக்கம் இதற்குக் கிடையாது. நாலு ஆக்சிஜன் ஏறினால் அவ்வளவுதான். உடம்பைச் சுற்றிவிட்டு நுரையீரலுக்குத் திரும்பும்போதும் இந்த ஆட்டோ காலியாக வருவதில்லை. ஓய்வில் இருக்கும் உடம்பு சராசரியாக ஒரு சீட்டைத்தான் இறக்கிக்கொள்கிறது. மூன்று சீட் நிரம்பியபடியே திரும்பி வருகிறது. நுரையீரல் ஸ்டாண்டில் நாலாவது சீட் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை.

நன்றாகக் காற்று போகும் ஸ்டாண்டில் ஆட்டோ நிரம்பிவிடுகிறது, நூற்றுக்கு 98 என்ற கணக்கில். அங்கே இன்னும் வேகமாக மூச்சு வாங்கிக் காற்றைக் கொட்டினால் பயணிகள் கூட்டம்தான் கூடும், சீட் கூடாது. 98 என்பது 99 ஆகலாம். நிமோனியா பிடித்த பகுதியிலோ அறைகளுக்குள் சீழும் நீரும் அடைத்திருக்கின்றன, காற்று நுழைய வழியில்லை. அங்கே போகும் ஆட்டோ வந்த மாதிரியே மூன்று சீட்டோடு, அதாவது 75 சதவீதத்தோடு, வெளியேறுகிறது. இரண்டு ஸ்டாண்டிலிருந்து வரும் ஆட்டோக்களும் இதயத்தின் இடப்பக்கத்தில் ஒன்றாகக் கலக்கின்றன. விரலில் மாட்டிய கருவி பார்ப்பது அந்தக் கலவையை.

இப்போது அந்தப் பெரியவரின் கணக்கைப் போடலாம். இடப்பக்கம் படுத்திருந்தபோது இரத்தத்தில் பத்தில் இரண்டு பங்கு கெட்ட பகுதி வழியே போனது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பங்கு 98-லும் இரண்டு பங்கு 75-லும் வெளியே வருகின்றன. கலந்தால் 93-க்குச் சற்று மேல். வலப்பக்கம் திரும்பியதும் கெட்ட நுரையீரல் கீழே போகிறது. நுரையீரலில் இரத்த அழுத்தம் மிகக் குறைவு என்பதால் அங்கே புவியீர்ப்பின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். இரத்தம் கீழ்ப்பக்கம் சாய்கிறது. கெட்ட பகுதியின் பங்கு நாலாகக் கூடியது என்று வையுங்கள். ஆறு பங்கு 98, நாலு பங்கு 75. கலந்தால் 89-க்குக் கொஞ்சம் கீழ். காற்றில் எந்த மாற்றமும் இல்லை. இரத்தம்தான் தப்பான ஸ்டாண்டுக்குப் போனது.

உள்ளே நடப்பது இவ்வளவு எளிமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் இறங்க இறங்க, திரும்பி வரும் இரத்தத்தில் 75-ம் குறையும். கலவை இன்னும் மோசமாகும். அதைத் தடுக்க நுரையீரலிடம் ஒரு தற்காப்பும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதியில் உள்ள இரத்தக் குழாய்கள் தாமாகச் சுருங்கி, இரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். 1946-ல் ஸ்வீடனைச் சேர்ந்த வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளை வைத்து இதை விளக்கினார்கள். உடம்பின் மற்ற இடங்களில் நடப்பது நேர்மாறு: ஆக்சிஜன் குறைந்தால் அங்கே குழாய் விரியும். கைக்கும் காலுக்கும் இரத்தம் வேண்டியது ஆக்சிஜனை வாங்க. நுரையீரலுக்கு இரத்தம் வருவது ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ள. பயணி இல்லாத ஸ்டாண்டுக்கு ஆட்டோவை அனுப்பி என்ன பயன்? ஆனால் நிமோனியாவின் அழற்சி இந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடும். ஆஸ்துமாவுக்கு சால்புடமால் நெபுலைஸர் வைத்ததும் மூச்சு இலகுவாகி, எண் மட்டும் சிறிது நேரம் இறங்கும் விநோதமும் இதனால்தான். மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து, சுருங்கி நின்ற இரத்தக் குழாய்களையும் திறந்துவிடுகிறது.

பிசகு எதிர்ப்பக்கமும் நடக்கும். காலில் கட்டிய இரத்தக்கட்டி ஒன்று பெயர்ந்து நுரையீரலின் இரத்தக் குழாயை அடைத்தால், அங்கே காற்று வரும், இரத்தம் வராது. அந்தக் காற்று வீண். ஆனால் எண் இறங்குவதற்கு அந்த வீண் காற்று நேரடிக் காரணம் இல்லை. அடைபட்ட வழியில் போக வேண்டிய இரத்தமும் மீதமுள்ள பகுதிகளுக்கே போய் நெருக்குகிறது. அங்குள்ள காற்று அத்தனைக்கும் போதாமல் போகிறது.

சரி, கார்பன் டை ஆக்சைடு ஏன் ஏறுவதில்லை? அது ஹீமோகுளோபினின் சீட்டை நம்பி இல்லை. காற்றைக் கூடுதலாக இழுத்தால் கூடுதலாகவே வெளியேறும். அதனால் நல்ல பகுதி வேகமாக மூச்சு வாங்கிக் கெட்ட பகுதியின் பங்கையும் வெளியே தள்ளிவிடுகிறது. அந்தப் பெரியவரின் இரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடும் வழக்கத்தை விடக் குறைவு. மூச்சு முட்டுகிறது என்ற உணர்வைக் கிளப்புவதில் கார்பன் டை ஆக்சைடுக்குத்தான் பெரிய பங்கு. கோவிட் காலத்தில் எண் 80-ஐ ஒட்டியிருக்க, ஃபோனில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தோமே, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் என்ன ஆகும் என்பது, உள்ளே நடந்திருக்கும் பிசகு எந்த வகை என்பதைக் காட்டிக்கொடுக்கும். அறைக்குள் கொஞ்சமாவது காற்று போகிறது என்றால், அந்தக் கொஞ்சமும் ஆக்சிஜன் செறிந்த காற்றாக மாறியதும் நாலாவது சீட் நிரம்பிவிடும். எண் சட்டென ஏறும். நாள்பட்ட புகைபிடிப்பவர்களின் நுரையீரல் நோயில் பெரும்பாலும் அப்படித்தான், மூக்கில் ஒரு சின்னக் குழாயே போதும். அறை முழுக்க அடைத்திருந்தால் வெளியே எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் அதற்குள் போகாது. நல்ல பகுதியின் இரத்தத்தில் சீட்டுக்கு வெளியே, வெறும் திரவத்தில் கரைந்து, 100 மில்லிக்கு அதிகபட்சம் சுமார் 2 மில்லி கூடும். நிரம்பிய சீட்டுகளில் போவது 20 மில்லி என்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அடைப்பு சிறிதானால் இந்தச் சொற்பம் கைகொடுக்கும், பெரிதானால் கொடுக்காது. மாஸ்க்கை முழு அளவில் திறந்தும் எண் நகரவில்லை என்றால், அடைத்த அறைகளை அழுத்தத்தால் திறக்க வென்டிலேட்டரை யோசிப்போம், இல்லையென்றால் குப்புறப் படுக்க வைப்போம். குப்புறப் படுக்கையில் முதுகுப்பக்கம் அமுங்கிக் கிடந்த அறைகள் திறந்துகொள்கின்றன. அங்கே ஏற்கெனவே இரத்தம் ஏராளமாகப் போய்க்கொண்டிருந்ததால் இரண்டும் மீண்டும் சந்திக்கின்றன.

நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி படுப்பது என்பதை எல்லோருக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தலைகீழ். அவர்களுடைய விலாக்கூடு இளசு, கீழே இருக்கும் நுரையீரல் அமுங்கி, காற்று மேல்பக்கமே போகிறது. அதனால் நல்ல பக்கம் மேலே இருப்பது நல்லது. பெரியவர்களிலும் ஒரு நுரையீரலிலிருந்து இரத்தம் கக்குபவரை அந்தக் கெட்ட பக்கம் கீழே இருக்கும்படிதான் படுக்க வைப்போம். ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இரத்தம் வழிந்து நல்ல நுரையீரலையும் நிரப்பிவிடக் கூடாது.

நம் பெரியவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிஸ்டர் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, தூக்கத்தில் வலப்பக்கம் சரியாதபடி முட்டுக்கொடுத்தார். ஜன்னல் எதிர்ப்பக்கம் போய்விட்டதே என்று அவர் முணுமுணுக்க, மறுநாள் காலையில் மகனும் சிஸ்டருமாகச் சேர்ந்து கட்டிலையே திருப்பிப் போட்டார்கள்.