அசுணம் வரும் அத்தியாயம்

சங்கப் பாடல்களில் அசுணம் என்றொரு உயிர் வருகிறது. மலைப் பாறைகளின் பிளவுகளில் வாழ்வது. யாழோசை கேட்டால் மயங்கி நிற்கும், பறையோசை கேட்டால் உயிரை விட்டுவிடும். அது விலங்கா பறவையா என்பதில்கூட ஒருமித்த கருத்து இல்லை. அகநானூற்றின் 88ஆம் பாடலில், யானையின் மதநீரை மொய்க்கும் வண்டுகளின் ஒலியை யாழ் என்று எண்ணிக்கொண்டு, குகைக்குள்ளிருந்து அசுணம் காதுகொடுத்துக் கேட்கிறது. நற்றிணையின் 304ஆம் பாடலில் ஒரு தலைவி, தலைவனின் மார்பை அசுணத்தைக் கொல்பவர்களின் கைக்கு ஒப்பிடுகிறாள். இன்பம் தருவதும் அதுதான், துன்பம் தருவதும் அதுதான் என்கிறாள்.

மிகுபுனைவு எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. அசுணத்துக்குக் கொம்பு உண்டா, எத்தனை கால்கள், என்ன நிறம் என்றெல்லாம் அந்தப் பாடல்கள் நமக்குச் சொல்வதில்லை. எதைக் கேட்கிறது, எங்கே வாழ்கிறது, எதனால் சாகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. அந்த மூன்றுக்குள்ளேயே ஒரு கதை இருக்கிறது: இசையால் இழு, அருகே வரவிடு, பறையை அடி. இதை ஒரு முழு அத்தியாயத்தையும் தாங்குகிற உயிராக எப்படி வளர்ப்பது என்று பார்ப்போம்.

ஒரே புலனிலிருந்து தொடங்குவது

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உருவத்தில் தொடங்கி, பிறகு திறமைகளை ஒவ்வொன்றாக ஒட்டவைக்கிறார்கள். கூரிய கண், கூரிய மூக்கு, இருட்டிலும் பார்வை என எல்லாமே உள்ள உயிரிடமிருந்து கதாபாத்திரம் தப்பவே முடியாது. கடைசியில் ஆசிரியர்தான் குறுக்கே வந்து காப்பாற்ற வேண்டியிருக்கும். அதனால் ஒரு புலனை மட்டும் மிகக் கூர்மையாக்கி, மற்றவற்றை மங்கலாக்கிவிடுவது நல்லது.

அசுணத்துக்குக் காதுதான் உலகம். இது நம்பத்தகாதது அல்ல. கூகையின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒலி இரண்டையும் சென்றடைவதில் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு, முழு இருட்டிலும் எலி ஓடும் சலசலப்பை வைத்தே அது எலியைப் பிடித்துவிடும். திமிங்கிலங்களின் பாட்டை ஆராய்ந்து புகழ்பெற்ற ரோஜர் பெய்ன், அதற்கு முன் சோதனைகள் செய்து காட்டியது இதைத்தான். நம் அசுணத்துக்கும் அப்படிப்பட்ட காதைக் கொடுப்போம். கண்ணோ வெளிச்சத்தையும் இருட்டையும் பிரித்தறிய மட்டும் போதுமானது.

உடனே மலை முழுவதும் மாறிவிடுகிறது. அசையாமல் மூச்சடக்கி நிற்பவர் அதன் கண்ணெதிரே நின்றாலும் இல்லாதவரே. அருவியின் இரைச்சல் எல்லா ஒலியையும் மூடிவிடுவதால் அருவிக்கரை பாதுகாப்பான இடம். எதிரொலிக்கும் மலையிடுக்கில் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று அதற்குக் குழப்பம். இந்த மூன்று இடங்களையும் முதலில் வரைந்து வைத்துக்கொண்டால், கதாபாத்திரங்கள் எங்கே ஒளிவார்கள், எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பது தானாகவே தெரியவரும்.

பழக்கத்துக்கு ஒரு காரணம்

யாழுக்கு அது ஏன் மயங்க வேண்டும்? ‘இசையை விரும்பும் உயிர்’ என்பது கவிதைக்குப் போதும். ஓர் அத்தியாயத்துக்குப் பசி வேண்டும். பதில் பாடலிலேயே இருக்கிறது: வண்டின் ஒலியும் யாழின் ஒலியும் அதற்கு ஒன்றுதான். தேனீ நொடிக்கு 200 முறைக்கு மேல் சிறகடிக்கும். அந்த ரீங்காரம் நரம்புக் கருவி எளிதாகத் தொடும் சுருதிகளுக்குள் வருகிறது. மலைத்தேனீ செங்குத்தான பாறைகளில் கூடு கட்டும். ஆகவே அசுணம் தேனடையைத் தின்று வாழ்வது என்று வைத்துக்கொள்வோம். ரீங்காரம் என்றால் அதற்கு உணவு. யாழ் மீட்டுகிறவர், தாம் அறியாமலே, இங்கே தேன் இருக்கிறது என்று கூவி அழைக்கிறார்.

பழக்கம் எப்படிக் கதையை நடத்தும் என்பதற்கு ஹோமரின் ஒடிசியில், 9ஆம் பகுதியில், ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸ் இருக்கிறான். குகை வாயிலை அடைத்திருக்கும் பாறையை அவனால் மட்டுமே நகர்த்த முடியும் என்பதால், தூங்கும்போது அவனைக் கொல்ல வழியில்லை. கண்ணைக் குத்தினாலும் வெளியேற முடியாது. ஆனால் அவன் ஆடு மேய்ப்பவன். குருடனானாலும் விடிந்தால் மந்தையை வெளியே விட்டாக வேண்டும். பாறையை நகர்த்தி, ஆடுகளின் முதுகை மட்டும் தடவிப் பார்க்கிறான். ஒடிசியஸின் ஆட்கள் வயிற்றின் அடியில் தொங்கியபடி தப்பிவிடுகிறார்கள். அவர்களை வெளியே விட்டது அவனுடைய அன்றாட வேலை.

பலவீனத்துக்குக் கணக்கு வேண்டும்

இப்போது பறை. ஓர் ஓசை உயிரைக் கொல்லும் என்றால், கவனமாகப் படிக்கும் வாசகர் உடனே ஒரு கேள்வி கேட்பார்: மலையில் இடி இடிக்காதா? முதல் மழைக்காலத்திலேயே அசுணமெல்லாம் செத்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடக் கூடாது. கதையின் சிறந்த முடிச்சு இதற்குள்தான் கிடைக்கிறது.

நம் காதுக்குள் மிகச் சிறிய தசை ஒன்று உண்டு. பெரிய ஓசை வந்தால் அது இறுகி, உள்ளே போகும் அதிர்வைக் குறைக்கும். ஆனால் இறுகுவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் எடுக்கும். வெடியோசை போன்ற திடீர் ஒலி அதற்குள் உள்ளே நுழைந்துவிடுவதால்தான் அவை காதுக்கு அத்தனை கேடு. அசுணத்துக்கு இந்தத் தசை மிக மெதுவானது, மூன்று மூச்சு நேரம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெல்ல வலுக்கும் ஓசை அதை ஒன்றும் செய்யாது. அமைதியைக் கிழித்து வரும் ஓசை கொன்றுவிடும்.

இடிக்கு மின்னல் முன்னால் வருகிறது. ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 நொடி எடுக்கும். இரண்டு கிலோமீட்டர் தொலைவில் மின்னினால் இடி வர 6 நொடி. வெளிச்சத்தைக் கண்டதும் காதை இறுக்கிக்கொள்ள அது போதும். மிக அருகே விழும் இடிக்கு அந்த அவகாசம் கிடையாது. அதனால்தான் அது பாறைப் பிளவின் ஆழத்தில் வாழ்கிறது, அதனால்தான் அது அரிதாகவும் இருக்கிறது. மங்கலான அந்தக் கண்ணுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. காது, கண், இருப்பிடம் எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

அத்தியாயம் தானாக நகர்கிறது

கானவன் ஒருவன் அசுணத்தை வேட்டையாட விரும்புகிறான். யாழ் மீட்டத் தெரிந்த பாணர்குலச் சிறுமி ஒருத்தியை அழைத்துவருகிறான். அவ்வளவுதான் தொடக்கம்.

முதல் காட்சியில் மாலை மழை. சிறுமி அருவிக்கரையில் ஒதுங்கியிருக்கிறாள். தூரத்தில் மின்னுகிறது, எதிர்ப்பாறையில் ஏதோ ஒன்று தலையைத் தாழ்த்திச் சுருண்டுகொள்கிறது. இடி உருண்டு ஓய்ந்ததும் எழுந்து போகிறது. அவளுக்கு அதன் பொருள் புரியவில்லை. வாசகருக்கும் புரிய வேண்டியதில்லை. விதை விழுந்துவிட்டது.

இரண்டாம் காட்சியில் பறை. மழைக்குப் பின் மூடுபனி இறங்கியிருக்கிறது. ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும். பறையைத் தீயில் காய்ச்சினால்தான் ஓசை எழும். ஆனால் தீ வெளிச்சம் தரும், விறகு வெடித்துச் சத்தமிடும். ஆகவே கானவன் அருவியின் இரைச்சலுக்குள், ஒரு பாறையின் மறைவில் தீ மூட்டுகிறான். காய்ச்சிய பறையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் வரும் ஒவ்வொரு கணமும் தோல் மீண்டும் தளர்ந்துகொண்டிருக்கிறது. கதைக்குக் காலக்கெடு வந்துவிட்டது.

மூன்றாம் காட்சியில் தூரம். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் அழுத்தம் பாதியாகும். 4 அடி தூரத்தில் இருப்பது 32 அடியில் எட்டில் ஒரு பங்குதான். அசுணம் மிக அருகே வரும்வரை கானவன் கையை ஓங்க முடியாது. அதுவரை சிறுமி யாழை நிறுத்தவும் முடியாது. அவள்தான் தூண்டில் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. பலவீனத்தைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பவள் அவள்.

நான்காம் காட்சியில் அசுணம் யாழின் மேல் முகம் வைக்கிறது, தேனைத் தேடுகிறது. சிறுமிக்கு மாலையில் கண்டது நினைவுக்கு வருகிறது. வெளிச்சம் காட்டினால் இது பிழைத்துக்கொள்ளும். கானவன் மறைத்துக் கொண்டுவந்த தீச்சட்டி அவள் காலருகே இருக்கிறது. கை யாழில் இருக்கும்போதே காலால் சருகுகளை அதற்குள் தள்ளுகிறாள். குப்பென்று தீ எழுகிறது. கானவன் பறையை அடிக்கத் திணறுகிறான். தொய்ந்த தோலை ஒரு கணம் தட்டிப் பார்க்கிறான். அந்த மூன்று மூச்சு போதுமானதாக இருக்கிறது.

இதில் தற்செயல் எதுவும் இல்லை. மழை மட்டுமே ஆசிரியர் கொடுத்தது. அதுவும் தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

எங்கே பிழைபடும், எப்படிக் கண்டுபிடிப்பது

அடிக்கடி நேரும் பிழை, புலனை மறந்துபோவது. எலியின் நடையைக் கேட்கும் உயிரின் அருகே இருவர் கிசுகிசுத்துத் திட்டம் போடுவார்கள். அதற்கு மட்டும் கேட்காது. எழுதி முடித்த பிரதியின் ஓரத்தில் இரண்டு பத்தி போட்டு, ஒன்றில் காட்சியில் எழும் ஒவ்வொரு ஓசையையும், மற்றதில் அசுணம் அதைக் கேட்டு என்ன செய்தது என்பதையும் குறித்துக்கொண்டே வந்தால் ஓட்டைகள் வெளியே தெரிந்துவிடும். இரண்டாம் பத்தி வெறுமையாக இருக்கும் இடமெல்லாம் ஒன்று காரணம் கேட்கிறது, அல்லது புதிய காட்சி ஒன்றைத் தருகிறது.

இன்னொரு பிழை, எல்லாவற்றையும் ஒரு கிழவர் வாயால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது. அப்போது நான்காம் காட்சி வெறும் நிறைவேற்றமாகிவிடும். மின்னலைக் கண்டு சுருண்டது போல, செயலாக மட்டும் முன்பே ஒருமுறை காட்டினால் போதும்.

கடைசியாக, அசுணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு புலியை வைத்துப் பாருங்கள். அத்தியாயம் அப்படியே நின்றால், நாம் உருவாக்கிய உயிர் வெறும் வேடம்தான். இங்கே புலியை வைத்தால் யாழும் பறையும் தீயும் பொருளிழந்து, ஒரு காட்சிகூட மிஞ்சாது.

தீ எழுந்ததும் காது இறுகிய அசுணத்துக்கு யாழும் கேட்காமல் போகிறது. மயக்கம் கலைந்து ஓடிவிடுகிறது. வெளிச்சம் அதைக் காப்பாற்றும் என்பதைக் கானவன் பார்த்துவிட்டான். யாழ் இருக்குமிடத்தில் தேன் இருக்காது என்பதை அசுணம் அறிந்துவிட்டது. ஆகவே அடுத்த அத்தியாயத்தில் இதே பொறி பலிக்கக் கூடாது. கானவன் தீயில்லாமல் வர வேண்டும், சிறுமி வேறு ஒலியைத் தேட வேண்டும், அசுணம் தேனுக்காக வேறு மலைக்குப் போக வேண்டும்.