புது எஞ்சினும் கொத்திய அம்மியும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புது புல்லட் எடுத்திருக்கேன். முதல் 500 கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்கன்னு ஷோரூம்ல சொல்றாங்க. இப்பவே முறுக்குனாத்தான் வண்டி பின்னாடி நல்லா இழுக்கும்னு மெக்கானிக் அண்ணன் சொல்றாரு. யார் பேச்சைக் கேக்குறது?"

இருவரிடமும் பாதி உண்மை இருக்கிறது.

சிலிண்டரின் உட்சுவர் வழவழவென்று இருக்காது. கடைசல் முடிந்ததும் ஹோனிங் கற்களால் குறுக்கும் மறுக்குமாக, சில மைக்ரான் ஆழத்துக்கு, வேண்டுமென்றே கீறுகிறார்கள். அம்மி கொத்துவது போலத்தான். பள்ளத்தில் ஆயில் தங்கும். மேடுகள் பிஸ்டன் ரிங்கோடு உரசித் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று படிந்துவிடும். புது அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டுவார்கள், கல்துகள் போக. முதல் சர்வீஸில் ஆயிலை வடிப்பதும் இரும்புத்துகள் போகத்தான். ஆனால் அம்மி மழுங்கினால் தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கொத்திக்கொள்ளலாம். சிலிண்டருக்கு எஞ்சினையே பிரிக்க வேண்டும்.

அந்த ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். எரியும் வாயு, ரிங்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் காடிக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழைந்து, முதுகுப்பக்கம் போய் ரிங்கை வெளியே தள்ளுகிறது. தப்பிக்கப் பார்க்கும் வாயுவே தன் வழியை அடைத்துக்கொள்கிறது! ஆக்சிலேட்டரைத் திருகத் திருக இந்தத் தள்ளல் கூடும். காந்தி ரோட்டு நெரிசலிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் ரிங் சரியாக அழுந்தாது. மேடுகள் தேயுமுன்பே ஆயில் சுவரில் கருகி, அரக்குப் பூச்சாகப் பள்ளங்களை மூடிவிடும்.

மெக்கானிக் சொன்னதில் இவ்வளவு சரி. ஆனால் உரசும் மேடுகள் சூட்டைக் கிளப்பும், பிஸ்டன் விரியும், தொடர்ந்து முழுசாக முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். கார் எஞ்சின்களின் ஷெல் பேரிங்குக்கு வேறு கவலை. தண்டு சுழலும் வேகத்தில்தான் அங்கே ஆயில் படலம் உருவாகிறது. பெரிய கியரில் திணறத் திணற ஓட்டினால் படலம் மெலிந்து, மேலே பூசிய மென்உலோகம் தேவைக்கு மேல் தேயும். அந்தப் பூச்சு தண்டுக்கேற்ப நெளிந்து கொடுக்கவும், சிறு துகள்களை விழுங்கவும்தான் இருக்கிறது.

சரித்திரம் கேட்பவர்களுக்கு: 1955இல் சென்னையில் தயாரிக்கத் தொடங்கிய புல்லட் இப்போது இதே மாவட்டத்து ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் தயாராகிறது. அன்றைய வார்ப்பிரும்புச் சிலிண்டருக்குப் பொறுமை நிறைய வேண்டியிருந்தது. இன்றைய ஹோனிங்கில் மேடுகளின் கூர்முனையைத் தொழிற்சாலையிலேயே சீவிவிடுவதால் வேலை குறைவு. "ரன்னிங்-இன்னே தேவையில்லை" என்பது விளம்பரம். பாட்டிலில் விற்கும் அதிசயத் திரவமும் அப்படியே. உரசலைக் குறைப்பது அதன் பெருமை, உரசல்தானே இப்போது வேண்டும்?

எஞ்சின் சூடானதும் செவிலிமேடு தாண்டிப் போய், கையேடு சொல்லும் வேகத்துக்குள் ஏற்றியும் இறக்கியும் ஓட்டுங்கள். ஆயில் மட்டத்தை அடிக்கடி பாருங்கள். முதலில் சற்று இறங்கிப் பிறகு நின்றுவிட்டால் ரிங் படிந்துவிட்டது. 2,000 கிலோமீட்டருக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்து, சைலன்சரில் நீலப்புகையும் வந்தால், வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள்.