வியாழன் பத்து மணிக்கு வசதிப்படுமா?

பிராகாவில் ஓர் அலுவலகம். அங்கே வேலை பார்க்கும் நொவாகொவா என்ற அம்மையார், "எப்போது நேரில் வரலாம்?" என்று கேட்டு உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இரண்டு வரியில் பதில் போட்டால் போதும். ஆனால் செக் மொழியில் அந்த இரண்டு வரிக்குள் அவர் உங்களுக்கு 'நீ'யா 'நீங்க'ளா என்பதை முடிவு செய்தே ஆகவேண்டும்.

'நீ' என்பதற்கு அங்கே 'டி', 'நீங்கள்' என்பதற்கு 'வி'. முன்பின் பழகாத பெரியவரோடு 'வி'தான். நம்மைப் போலவே அவர்களும் எழுவாயைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மரியாதை வினைச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பெயரைச் சொல்லாமல் நழுவினாலும் வினை காட்டிக்கொடுத்துவிடும்.

இதுவரை தமிழருக்குச் சிரமமில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. "உங்களால் வர முடியுமா?" என்று பணிவாகக் கேட்கும் செக் வினையில் இரண்டு துண்டுகள் உண்டு. பெண்ணிடம் 'மொஹ்லா பிஸ்தே', ஆணிடம் 'மொஹல் பிஸ்தே'. இதில் 'பிஸ்தே' என்ற துணைவினை பன்மை, மரியாதை அதில்தான். முன்னால் நிற்கும் சொல்லோ ஒருமையிலேயே நின்று, எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிடும். தமிழில் "வந்தீர்கள்" என்றால் ஒருவருக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும். அந்தப் பழக்கத்தில் இரண்டு துண்டையும் பன்மையாக்கி 'மொஹ்லி பிஸ்தே' என்று எழுதினால், "நீங்கள் எல்லோரும் வர முடியுமா?" என்றாகிவிடும். நொவாகொவா அம்மையார் வேறு யாருக்கெல்லாம் மின்னஞ்சல் போயிருக்கிறது என்று மேலே தேடுவார்.

ஆணா பெண்ணா என்பது குடும்பப் பெயரிலேயே தெரியுமே என்பீர்கள். 'ஒவா' என்று முடிந்தால் பெண் என்பது பழைய வழக்கம். ஆனால் 2022 முதல் செக் பெண்கள் விரும்பினால் அந்த விகுதி இல்லாத பெயரையே வைத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. அதனால் 'ஒவா' இல்லையென்றால் ஆண்தான் என்று இனி அடித்துச் சொல்ல முடியாது.

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ஆளை எழுவாயாக்காமல் கிழமையை எழுவாயாக்கிவிடுவது. "வியாழன் உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேட்டால் வினை வியாழக்கிழமையின் பாலைத்தான் பார்க்கும், அவர் யாராயிருந்தாலும் வாக்கியம் மாறாது. பதில் இப்படி இருக்கலாம்:

```
Dobrý den, paní Nováková,
děkuji za zprávu. Hodil by se Vám čtvrtek v 10 hodin?
Pokud ne, mohu přijít i v pátek ve 14 hodin.
S pozdravem
```

வணக்கம், மடலுக்கு நன்றி, வியாழன் பத்து மணி வசதியா, இல்லையென்றால் வெள்ளி 14 மணிக்கும் என்னால் வர முடியும், இப்படிக்கு. அவ்வளவுதான். வியாழன் செக்கில் ஆண்பால் என்பதால் 'ஹொதில்'. புதன் பெண்பால், அதற்கு 'ஹொதிலா'. செவ்வாய் இரண்டுமில்லாத பால், அதற்கு 'ஹொதிலோ'. கிழமையை மாற்றினால் வினையையும் மாற்ற மறக்கக்கூடாது.

'வாம்' என்றால் 'உங்களுக்கு'. வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் அதைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருப்பதைக் கவனியுங்கள். கடிதத்தில் எதிரிலிருப்பவருக்குத் தரும் மதிப்பு அது. விளித்த வரிக்குப் பின் காற்புள்ளி வருவதால் அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்குகிறது. நொவாகொவா என்ற பெயர் விளிக்கும்போது மாறாது. நொவாக் என்ற ஆணாயிருந்தால் 'பானெ நொவாக்கு' என்று விளிவேற்றுமை போடவேண்டும். பாலே தெரியவில்லையென்றால் முதல் வரியில் வெறும் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், குற்றமில்லை.

செக்காரர்களே தடுமாறும் இடம் ஒன்றுண்டு. 'பிஸ்தே'யைப் 'பி ஸ்தே' என்று இரண்டாகப் பிரித்து எழுதிவிடுவார்கள். காதுக்கு வித்தியாசம் தெரியாது, பள்ளியில் சிவப்பு மை மட்டும் விழும். வெளிநாட்டவர் சறுக்குவது கடைசி வரியில். மேலே 'வாம்' என்று எழுதிவிட்டு, "தெரியப்படுத்துங்கள்" என்பதற்கு 'டேய்தே' போடாமல், எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய 'டேய்' வந்து உட்கார்ந்துவிடும். அது "தெரியப்படுத்து" என்ற ஏவல். முழுக் கடிதமும் 'நீ'யாக இருப்பதைவிட இந்தக் கலப்பு மோசம் என்பேன். நண்பர் போலவும் இல்லை, பணிவும் இல்லை.

பதிலில் அவர் குடும்பப் பெயரை விட்டுச் சொந்தப் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கலாம். உடனே 'டி'க்குத் தாவக்கூடாது. 'நீ' என்று கூப்பிட்டுக்கொள்வோமே என்று கேட்கும் உரிமை மூத்தவருக்கு, மேலதிகாரிக்கு, ஆண் பெண் இருவரில் பெண்ணுக்கு. அவர் சொல்லும்வரை 'வி'தான்.

பதிலில் நேரத்தை இலக்கத்தில் எழுதாமல் 'வ் பூல் ட்ஷெத்யீ' என்று அவர் எழுதினால் மட்டும் ஒரு நொடி நிதானியுங்கள். மூன்றாம் மணியின் பாதி என்பது பொருள். அங்கே மூன்றரைக்குப் போய் நின்றால் நீங்கள் ஒரு மணி நேரம் தாமதம்; அவர் சொன்னது இரண்டரை.