தீர்த்தமலை டு அரூர்: ஸ்கூல் திறக்கும் முன் ஸ்டேஷனரி கடை போர்டில் என்ன எழுதணும்?

கோடை விடுமுறையின் கடைசி இரண்டு வாரங்கள்தான் ஊர்ப்புற ஸ்டேஷனரி கடைகளுக்குத் தீபாவளி. தருமபுரி மாவட்டம் தீர்த்தமலை போன்ற ஊரில், பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் இங்கேயே வாங்கலாமா, பஸ் ஏறி அரூருக்குப் போகலாமா என்று யோசிப்பார்கள். அந்த யோசனை பெரும்பாலும் கடை வாசலிலேயே முடிந்துவிடும். அங்கே தொங்கும் போர்டும், முன்னால் அடுக்கியிருக்கும் பொருளும்தான் அதை முடித்து வைக்கின்றன.

ஒரு சின்னக் கடையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வாசலில் ஆறடிக்கு மூன்றடியில் ஒரு ஃப்ளெக்ஸ். "சூப்பர் சலுகை! அனைத்துப் பள்ளிப் பொருட்களும் கிடைக்கும்! 50% வரை தள்ளுபடி!" என்று இருக்கிறது. இதைப் படிக்கும் அம்மாவுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. ஸ்டேஷனரி கடையில் பள்ளிப் பொருள் கிடைக்கும் என்பது அவருக்கே தெரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கு கோடு நோட்டு இருக்கிறதா, ஆறு நோட்டுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் கேள்வி.

வகுப்பைச் சொல்லுங்கள், கோட்டைக் காட்டுங்கள்

அதனால் போர்டின் முதல் வரி வகுப்பில் தொடங்கட்டும். "1, 2-ஆம் வகுப்பு: நான்கு கோடு, இரட்டைக் கோடு, கட்டம் போட்ட நோட்டு". கீழே, "6 நோட்டு சேர்த்து ரூ.____". விலையை மட்டும் அச்சடிக்காமல் காலியாக விட்டு, தினமும் மார்க்கரில் எழுதிக்கொள்ளலாம். மொத்த வியாபாரி விலையை மாற்றினாலும் ஃப்ளெக்ஸ் வீணாகாது.

நம்மூர்க் கடைகள் பலவற்றில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. ஷட்டரைத் தூக்கினால் மேசையும், கயிற்றில் தொங்கும் பைகளும்தான் ஷோகேஸ். அங்கே நோட்டுகளை அட்டை தெரிய அடுக்குவதுதான் வழக்கம். ஆனால் மூடியிருக்கும் நோட்டில் நான்கு கோடா இரட்டைக் கோடா என்று தெரியாது. வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தால்தான் தப்பு தெரியும். ஒவ்வொரு வகையிலும் ஒரு நோட்டைத் திறந்து, கிளிப் போட்டு, கோடு தெரியும்படி மாட்டி வையுங்கள். பக்கத்திலேயே "ஆங்கிலம் எழுத", "கணக்குக்கு" என்று சின்ன அட்டை இருந்தால், கேட்கத் தயங்குகிற தாத்தா பாட்டிகூடச் சரியானதை எடுத்துவிடுவார்கள். வெயில் விழும் வரிசையில் க்ரேயான்ஸை மட்டும் வைக்க வேண்டாம். அது மெழுகு, சூட்டில் இளகிவிடும். காலி டப்பாவை வைத்தால் போதும்.

பள்ளியில் தருவதையும் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடநூல், நோட்டு, புத்தகப்பை, வண்ணப் பென்சில், கணித உபகரணப் பெட்டி போன்றவை வகுப்புக்கு ஏற்ப விலையில்லாமல் கிடைக்கின்றன. இது தெரிந்த பெற்றோர் அவசரப்பட்டு வாங்க மாட்டார்கள். தெரியாதவர்கள் இரண்டு மடங்கு செலவழித்துவிட்டு அப்புறம் வருத்தப்படுவார்கள். "அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு: அட்டை போட பிரவுன் ஷீட், லேபிள், பேனா, தண்ணீர் பாட்டில்" என்று தனியாக ஒரு அட்டை வைத்தால், வேண்டியதை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். பில் சின்னதாக இருக்கும். ஆனால் பரீட்சை அட்டை வாங்கவும் அதே கடைக்குத்தான் வருவார்கள்.

'வரி இல்லை' எதற்கு?

2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், க்ரேயான்ஸ் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. ஜியோமெட்ரி பாக்ஸுக்கு 5 சதவிகிதம். பேனாவுக்குப் பழையபடி 18 சதவிகிதம். ஆகவே "எல்லாப் பொருளுக்கும் வரி இல்லை" என்று எழுதினால் அது பொய். "வரி நீக்கியது எங்கள் ஸ்பெஷல் சலுகை" என்பதும் அப்படித்தான், அது கடை கொடுத்தது அல்ல.

பழைய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். அப்போது நோட்டுக்கு 12 சதவிகித வரி. 60 ரூபாய் என்று அச்சடித்த நோட்டில் வரி போக விலை சுமார் 53 ரூபாய் 57 காசு. முழு வரிக் குறைப்பும் வாடிக்கையாளருக்கு வந்தால் விலை அந்த அளவுக்கு இறங்க வேண்டும். இன்றைக்கும் பழைய 60 ரூபாயைப் போட்டு "10% தள்ளுபடி" என்று எழுதினால், 54 ரூபாய்க்கு விற்கும் அந்தக் கடை உண்மையில் எதையும் குறைக்கவில்லை. பெற்றோர் பார்க்க வேண்டியது சதவிகிதத்தை அல்ல. பக்க எண்ணிக்கையையும், கையிலிருந்து போகும் பணத்தையும்தான். 192 பக்கம் என்றால் 96 தாள் என்பதும் நினைவிருக்கட்டும்.

தேதி வேண்டாமே

"ஜூன் 7 வரை மட்டும்" என்று அச்சடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 2023-ல் வெயிலால் திறப்பு தள்ளிப்போய், 6 முதல் 12 வரையிலான வகுப்புகள் ஜூன் 12-ம் தேதியும், சின்னப் பிள்ளைகளுக்கு 14-ம் தேதியும் தொடங்கின. 2024-ல் ஜூன் 6 என்று அறிவித்து, கடைசியில் ஜூன் 10-ல் திறந்தார்கள். தேதி போட்ட போர்டு அந்த வாரங்களில், வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்திலேயே பழையதாகிவிடும். "பள்ளி திறந்து முதல் வாரம் வரை" என்று எழுதினால் எந்தத் தேதி வந்தாலும் பொருந்தும்.

பஸ்ஸிலிருந்து தெரியுமா?

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது போர்டு எழுதுபவர்களின் கணக்கு. முப்பதடி தள்ளி நிற்கும் பஸ்ஸிலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்து மூன்று அங்குலமாவது வேண்டும். தமிழில் எழுத்துகள் மேலேயும் கீழேயும் நீளும் என்பதால் வரிகளுக்கு நடுவில் இடைவெளியும் தாராளமாக விட வேண்டும். மூன்றடி உயர ஃப்ளெக்ஸில் ஐந்து வரி வசதியாகக் கொள்ளும், பத்து வரி எழுதினால் ஒன்றும் தெரியாது. எழுதி முடித்ததும் எதிர்ப்பக்கம் போய் நின்று படித்துப் பார்த்தால் இது புரிந்துவிடும். கடையின் பெயர்ப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளே சொல்கின்றன.

கடைசியாக, கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" அட்டை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தாள் கிழிந்த நோட்டைக் கொண்டுவருகிறவரிடம் அந்த அட்டையைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அதற்குப் பதிலாக வாசலிலேயே இப்படி ஒரு வரி எழுதலாம்: "பெயர் எழுதாத நோட்டை பில்லுடன் கொண்டுவந்தால் 10 நாளுக்குள் மாற்றித் தருவோம்". டீச்சர் என்ன நோட்டு கேட்பாரோ என்று காத்திருக்கும் பெற்றோர், இதைப் பார்த்தால் பள்ளி திறப்பதற்கு முன்பே வாங்குவார்கள்.